வேனை எந்த ஆண்டில் மாற்றுவது?

ரப்பர் மரத்தை எந்த ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வது என்னும் கேள்வி நம் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. சுமார் 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த மரம், பால் முற்றிலும் வற்றிப் போனதால் வெட்டப்படுவதில்லை. அது இன்னும் பால் தருகிறது. ஆனால் அதே நிலத்தில் ஓர் இளமரம் நின்றால் கிடைக்கக்கூடிய வருவாயை விட அது தருவது குறைந்துவிட்டது என்பதனாலேயே வெட்டப்படுகிறது. இம்மாற்றத்திற்குப் பணம் ஒதுக்குவதற்காகவே மலாயாவில் 1952-ஆம் ஆண்டில் ரப்பர் மறுநடவு நிதிக்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

கடைக்கும் சங்கத்திற்கும் பொருள் ஏற்றிச் செல்லும் வேனும் இவ்வகையில் ஒரு மரம் போன்றதே. ஓடாமல் நின்றுவிட்ட பிறகு அதனை மாற்றுவது முடிவு எடுத்ததாகாது. முடிவு எடுக்கத் தவறியதாகும். காட்டு மரங்களை வெட்டும் காலத்தைக் கணக்கிட்டு அறியும் முறையை ஜெர்மானியராகிய மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இயந்திரங்களின் பயனுள்ள ஆயுளைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் டெய்லர் 1923-இலும், ஹாரல்ட் ஹோட்டலிங் 1925-இலும் ஆராய்ந்து எழுதினர். அவர்களுடைய நூல்களில் காணும் கணிதம் கடினமானது. ஆயினும் அதன் சாரத்தைக் கூட்டலும் வகுத்தலும் அறிந்த எவரும் ஒரு தாளில் செய்து பார்க்கலாம். அதனையே இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

எதிரெதிராகச் செல்லும் இரு செலவுகள்

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில், தோட்ட மக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவுக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அக்கடையின் வேன் சிரம்பான் மொத்த வியாபாரிகளிடமிருந்து அரிசி, மாவு, எண்ணெய் முதலியவற்றை ஏற்றி வருகிறது. பின்னர் அவற்றைச் சுற்றுப்புறத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்கிறது. ஒரு நாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. மறுநாள் பரோய் வழியாகக் கோலப் பிலா செல்லும் பாதையில் புக்கிட் புத்துஸ் மலையேற்றம். இத்தகைய ஓட்டத்தில் கிளட்சும் பிரேக்கும் விரைவில் தேயும். சக்கரங்களைத் தாங்கும் ரப்பர்ப் புஷ்களும் அப்சார்பர்களும் நகரத்து வண்டியில் இருப்பதை விட முன்னதாகவே தளர்ந்துவிடும்.

இவ்வேனால் கடைக்கு ஏற்படும் செலவுகளுள் இரண்டை மட்டுமே நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆண்டுதோறும் வேனின் மறுவிற்பனை விலை குறைவது. இது கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் அன்று. ஆகையால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் இதுவும் உண்மையான செலவே. இரண்டாவது, பராமரிப்புச் செலவு. வேன் பட்டறையில் நிற்கும் நாள்களில் வேறு வண்டி வாடகைக்கு அமர்த்தும் செலவையும் இதனுடன் சேர்க்க வேண்டும்.

ஓட்டுநரின் சம்பளம், சாலை வரி போன்றவை வேன் புதியதாயினும் பழையதாயினும் ஏறத்தாழ ஒன்றே. எனவே அவற்றை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வயதினால் மாறுகின்ற செலவே வயதைப் பற்றிய முடிவுக்கு உதவும்.

விலைக்குறைவு முதலாண்டில் மிகப் பெரிதாக இருந்து படிப்படியாகச் சிறுத்துவிடும். பராமரிப்பு முதலாண்டில் சிறிதாக இருந்து படிப்படியாகப் பெருகும். ஒன்று இறங்க மற்றொன்று ஏறுவதால், இரண்டின் கூட்டுத்தொகை இடையில் எங்கோ ஓர் ஆண்டில் மிகக் குறைவாக அமையும்.

கணக்கைச் செய்து பார்ப்போம்

புதிய வேனின் விலை 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் யாவும் முறையை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் வேனுக்குரிய தொகைகளை உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்தல் வேண்டும்.

| ஆண்டு | ஆண்டிறுதியில் விற்பனை விலை | அவ்வாண்டின் விலைக்குறைவு | பராமரிப்பு | அவ்வாண்டின் செலவு | இதுவரையுள்ள சராசரி |
|---|---|---|---|---|---|
| 1 | 45,000 | 15,000 | 2,000 | 17,000 | 17,000 |
| 2 | 36,000 | 9,000 | 2,600 | 11,600 | 14,300 |
| 3 | 29,000 | 7,000 | 3,500 | 10,500 | 13,033 |
| 4 | 23,500 | 5,500 | 4,700 | 10,200 | 12,325 |
| 5 | 19,000 | 4,500 | 6,200 | 10,700 | 12,000 |
| 6 | 15,500 | 3,500 | 8,000 | 11,500 | 11,917 |
| 7 | 12,500 | 3,000 | 10,000 | 13,000 | 12,071 |
| 8 | 10,000 | 2,500 | 12,500 | 15,000 | 12,438 |

இவ்வட்டவணையை எவ்வாறு படிப்பது என்பதைப் பார்ப்போம். முதலாண்டின் இறுதியில் வேனை விற்றால் 45,000 வெள்ளி கிடைக்கும். 60,000 வெள்ளியில் 15,000 வெள்ளி கரைந்துவிட்டது. பராமரிப்பு 2,000 வெள்ளி. ஆக, முதலாண்டின் செலவு 17,000 வெள்ளி. இரண்டாம் ஆண்டின் செலவு 11,600 வெள்ளி. இரண்டாண்டுகளின் மொத்தம் 28,600 வெள்ளி. ஆண்டொன்றுக்குச் சராசரி 14,300 வெள்ளி. இவ்வாறே ஒவ்வோர் ஆண்டின் செலவையும் முன்னைய மொத்தத்துடன் கூட்டி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டே வர வேண்டும்.

கடைசிப் பத்தியைப் பாருங்கள். சராசரி ஆறாம் ஆண்டு வரை இறங்கி, ஏழாம் ஆண்டில் ஏறத் தொடங்குகிறது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேனை மாற்றும் கடைக்கே ஆண்டுச் செலவு மிகக் குறைவு என்பது இதனால் விளங்கும்.

இதற்குள் அடங்கியுள்ள விதி எளிதானது. ஓர் ஆண்டின் செலவு அதுவரையுள்ள சராசரியை விடக் குறைவாக இருந்தால், அது சராசரியைக் கீழே இழுக்கும். அதிகமாக இருந்தால் மேலே தூக்கும். ஆறாம் ஆண்டின் செலவு 11,500 வெள்ளி. ஐந்தாண்டுச் சராசரியோ 12,000 வெள்ளி. எனவே ஆறாம் ஆண்டும் வேனை வைத்திருப்பது தகும். ஏழாம் ஆண்டின் செலவு 13,000 வெள்ளி; ஆறாண்டுச் சராசரி 11,917 வெள்ளி. எனவே ஏழாம் ஆண்டில் புகாமல் நிற்க வேண்டும். மரத்திற்கும் இதுவே விதி: பழையது வரும் ஆண்டில் தருவதைப் புதியது சராசரியாகத் தருவதோடு ஒப்பிட வேண்டும்.

மிகச் செலவு குறைந்த தனியாண்டு நான்காம் ஆண்டுதான் (10,200 வெள்ளி). அதற்கடுத்த ஆண்டில் செலவு ஏறத் தொடங்கியதும் சிலர் வேனை விற்க முற்படுவர். அது தவறு. செலவு ஏறத் தொடங்கியது என்பது மாற்றுவதற்குக் காரணமாகாது. சராசரியைத் தாண்டி ஏறியது என்பதே காரணமாகும். நான்காம் ஆண்டின் இறுதியில் விற்றால், புதிய வேனின் பெரிய விலைக்குறைவை மீண்டும் இரண்டாண்டு முன்னதாகவே சுமக்க நேரும்.

ஓராண்டு முன்பின் ஆனால் என்ன?

ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஆண்டுகளின் சராசரிகளை மீண்டும் நோக்குவோம். 12,000, 11,917, 12,071. ஏழாண்டு வைத்திருந்தவர் ஆறாண்டு வைத்திருந்தவரை விட ஆண்டொன்றுக்கு 154 வெள்ளியே கூடுதலாகச் செலவிட்டார். ஆகையால் நிர்வாகக் குழுவினர் ஐந்தா ஆறா என்று கூட்டத்தில் நெடுநேரம் வாதிட வேண்டியதில்லை. நல்ல விலைக்குக் கேட்பவர் வந்தால் சற்று முன்னதாகவும், கையிருப்பு போதாவிடின் சற்றுப் பின்னதாகவும் மாற்றலாம்.

ஆனால் இந்தச் சலுகை நடுப்பகுதிக்கே உரியது. மூன்றாம் ஆண்டில் விற்பவர் ஆண்டுதோறும் 1,100 வெள்ளிக்கு மேல் வீணாக்குகிறார். எட்டாம் ஆண்டிற்கு அப்பால் செல்பவருக்கும் இழப்பு விரைவாக வளரும். ஒன்பதாம் ஆண்டில் பராமரிப்பு 15,500 வெள்ளியும் விலைக்குறைவு 2,000 வெள்ளியும் ஆனால், அவ்வோராண்டுக்கு மட்டும் 17,500 வெள்ளி செலவாகும். அது புத்தம் புதிய வேனின் முதலாண்டுச் செலவை விடவும் அதிகம்.

வேனில் முடங்கியுள்ள பணத்திற்கு வட்டியும் உண்டல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் வேனுக்குள்ள விலைக்கு நூற்றுக்கு 5 வெள்ளி வீதம் வட்டி சேர்த்தால், முதலாண்டில் 3,000 வெள்ளியும் ஆறாம் ஆண்டில் 950 வெள்ளியும் கூடும். அவ்வாறு கணக்கிடும்போது ஆறாண்டுச் சராசரி 13,688 வெள்ளியாகவும் ஏழாண்டுச் சராசரி 13,700 வெள்ளியாகவும் அமைகின்றன. இரண்டும் ஏறத்தாழச் சமமே. வட்டி புதிய வேனின் மீதே அதிகமாக விழுவதால், பழையதைச் சிறிது கூடுதல் காலம் வைத்திருக்கச் சொல்லும். வட்டி வீதம் உயர்ந்திருக்கும் காலத்தில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கடன் தீர்ந்த வேன் செலவில்லாத வேனா?

சங்கக் கூட்டங்களில் இரு வாதங்கள் அடிக்கடி எழும். முதலாவது வாதம் இது: "தவணைக் கடன் கட்டி முடிந்துவிட்டது. இனி வேன் நமக்கே சொந்தம். ஓடும் வரை ஓடட்டும்."

தவணை முடிந்ததும் மாதந்தோறும் கையிலிருந்து போகும் பணம் நிற்கிறது என்பது உண்மையே. ஆனால் வேன் இழக்கும் விலைக்கும் தவணைக்கும் தொடர்பில்லை. ஐந்தாம் ஆண்டில் கடன் முடிந்தாலும் ஏழாம் ஆண்டில் முடிந்தாலும், ஆறாம் ஆண்டில் வேன் 3,500 வெள்ளி இழக்கவே செய்யும். பட்டறைக்கு 8,000 வெள்ளி கொடுக்கவே வேண்டும். கடன் முடியும் நாள், வேனை வாங்கியபோது செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. வேனின் வயதைக் காட்டுவதில்லை.

இரண்டாவது வாதம் இதற்கு மாறானது: "சென்ற ஆண்டு அவ்வளவு செலவு செய்தோம். அது வீணாகக் கூடாது. இன்னும் இரண்டாண்டாவது ஓட்ட வேண்டும்." செலவிட்ட பணம் எம்முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. அது வேனின் இன்றைய விற்பனை விலையை எவ்வளவு உயர்த்தியுள்ளது, வரும் ஆண்டின் பழுதை எவ்வளவு குறைக்கும் என்னும் இரண்டு மட்டுமே கணக்கில் சேரும்.

பெரும் பழுது வரும்போது

உண்மையான சோதனை ஒரு பெரும் பழுதின் வடிவில் வருவதே வழக்கம். ஐந்தாம் ஆண்டு முடிந்த வேளையில் கியர்ப்பெட்டி கெட்டுவிட்டது. பழுது பார்க்க 5,000 வெள்ளி ஆகும் என்று பட்டறையில் கூறுகின்றனர். குழுவினர் பதறிப்போய், "5,000 வெள்ளிக்கு மேல் வழக்கமான 8,000 வெள்ளி, விலைக்குறைவு 3,500 வெள்ளி, மொத்தம் 16,500 வெள்ளி. சராசரியோ 11,917 வெள்ளிதான். விற்றுவிடுவோம்" என்று முடிவு செய்யலாம்.

இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. 19,000 வெள்ளி என்பது நன்றாக ஓடும் வேனின் விலை. கியர்ப்பெட்டி கெட்ட வேனுக்கு அந்த விலையை எவரும் கொடுக்கமாட்டார். இருக்கின்ற நிலையில் 14,500 வெள்ளிக்கே கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்த்து ஓராண்டு ஓட்டினால், ஆண்டிறுதியில் அது 15,500 வெள்ளிக்கு விலைபோகும். ஆக, அவ்வாண்டில் விலை குறையவில்லை. 1,000 வெள்ளி கூடுகிறது. அன்றியும், வழக்கமான 8,000 வெள்ளியில் 1,500 வெள்ளி கியர்ப்பெட்டித் தொல்லைகளுக்காகவே எதிர்பார்த்த தொகை என்றால், மீதிப் பராமரிப்பு 6,500 வெள்ளியே.

இப்பொழுது கூட்டிப் பாருங்கள். பழுதுக்கு 5,000, பராமரிப்புக்கு 6,500, மொத்தம் 11,500. விலையில் கூடிய 1,000 வெள்ளியைக் கழித்தால் 10,500 வெள்ளி. புதிய வேனின் சராசரியாகிய 11,917 வெள்ளியை விட இது குறைவு. எனவே பழுது பார்த்து ஓட்டுவதே ஆதாயம். இருக்கின்ற நிலையில் கேட்கப்படும் விலையைக் கேட்டறியாமல் இம்முடிவை எடுக்க இயலாது. பட்டறையின் மதிப்பீட்டைப் பெற்ற அன்றே, சிரம்பானில் பழைய வண்டி வாங்குவோர் இருவரையோ மூவரையோ விசாரிப்பது நல்லது.

அதே பழுது ஏழாம் ஆண்டின் இறுதியில் வந்தால் விடை வேறாகும். அப்பொழுது வழக்கமான பராமரிப்பே 12,500 வெள்ளி. அதிலிருந்து 1,500 வெள்ளியைக் கழித்து, பழுதுச் செலவு 5,000 வெள்ளியைக் கூட்டினால் 16,000 வெள்ளி. பழுது பார்த்ததால் விலையில் சில ஆயிரம் வெள்ளி மீண்டாலும், சராசரிக்கு அருகில் வர இயலாது. பழுது ஒன்றே, வேனின் வயதே தீர்ப்பை மாற்றுகிறது.

கணக்கு ஏமாற்றும் இடங்கள்

பராமரிப்புச் செலவு அட்டவணையில் காண்பது போல் சீராக ஏறாது. நான்கு டயர்களும் பேட்டரியும் ஒரே ஆண்டில் மாற்றப்பட்டால் அவ்வாண்டின் தொகை பெருகிவிடும். மறு ஆண்டில் இறங்கிவிடும். ஓராண்டின் உயர்வைக் கண்டு விற்பதும் தவறு. இறக்கத்தைக் கண்டு மகிழ்வதும் தவறு. டயர் போன்று தேய்ந்து மாற்றப்படும் பொருள்களைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். அவை எவ்வயதிலும் வருவன. வயது முதிர்ந்ததற்கு அடையாளம் வேறு: முன்பு பழுதுபார்த்த உறுப்பே மீண்டும் கெடுவது, சொல்லாமல் வழியில் நிற்பது, அடிச்சட்டத்தில் துருப்பிடிப்பது, பரிசோதனைக்குச் செல்ல வேண்டிய வாகனமாயின் முதல் முறையில் தேறாமல் திரும்புவது ஆகியவையே.

எரிபொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. புதிய வேனும் எரிபொருள் குடிக்கும். ஆதலால் முழுத் தொகையைச் சேர்ப்பது பொருந்தாது. பழைய வேன் கூடுதலாகக் குடிக்கும் அளவை மட்டுமே சேர்க்க வேண்டும். ஆறாம் ஆண்டில் வேன் 200 லிட்டர் டீசலைக் கூடுதலாகக் குடித்தது என்போம். தீபகற்ப மலேசியாவில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்தது. பழைய விலையில் அக்கூடுதல் 430 வெள்ளி. ஆறாம் ஆண்டின் செலவு 11,930 வெள்ளியாகி, ஐந்தாண்டுச் சராசரியாகிய 12,000 வெள்ளிக்குக் கீழேயே நின்றது. உயர்ந்த விலையில் அது 670 வெள்ளி. ஆண்டின் செலவு 12,170 வெள்ளியாகிச் சராசரியைத் தாண்டிவிட்டது. வேனில் எந்த மாற்றமும் இல்லாதபோதும், மாற்றும் ஆண்டு ஆறிலிருந்து ஐந்தாகிவிட்டது. வித்தியாசம் சிறிதே எனினும், வெளியுலக விலை நம் முடிவை எவ்வாறு அசைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

மறுவிற்பனை விலையும் நிலையானதன்று. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, புதிய வாகனங்கள் கிடைப்பது தாமதமானது. பல நாடுகளில் பழைய வாகனங்களின் விலை உயர்ந்தது. இத்தகைய காலங்களில் பழைய அட்டவணையை நம்பியிருக்கலாகாது. புதிய வேனின் விலை மாறும்போதெல்லாம் சராசரியை மீண்டும் கணக்கிட வேண்டும். பழைய வேனுக்குப் பதிலாக அதே வகை வேனை வாங்குவோம் என்னும் எண்ணத்தின் மேலேயே நம் அட்டவணை அமைந்துள்ளது. சிறிய வேனையோ பெரிய லாரியையோ வாங்குவதாயின் அதற்குரிய தொகைகளைக் கொண்டு தனிக் கணக்குப் போட வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

இவ்வளவுக்கும் தேவைப்படுவது வேனுக்கென ஒரு நோட்டுப்புத்தகமே. பட்டறைக்குச் சென்ற நாள், கிலோமீட்டர் எண், செய்த வேலை, கொடுத்த தொகை, வேன் நின்ற நாள்கள், அந்நாள்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகை ஆகியவற்றை அவ்வப்போது எழுத வேண்டும். ரசீதுகளை அதிலேயே ஒட்டி வைப்பது நலம். ஆண்டுக்கொருமுறை, ஒரே மாதத்தில், வேனின் விற்பனை விலையை விசாரித்து அதனையும் குறிக்க வேண்டும். விளம்பரங்களில் காணும் விலை விற்பவர் கேட்கும் விலை; நமக்குத் தேவை வாங்குபவர் கொடுக்கும் விலை.

நோட்டுப்புத்தகம் இதுவரை இல்லையெனில், வேன் வாங்கிய நாள் முதலான செலவுகளைத் தேடித் திரட்ட இயலாதே என்று தயங்க வேண்டியதில்லை. வரும் ஆண்டின் செலவை அறிவதற்கு இன்றைய விற்பனை விலை, ஓராண்டுக்குப் பின் கிடைக்கக்கூடிய விலை, வரும் ஆண்டின் பராமரிப்பு மதிப்பீடு ஆகிய மூன்றும் போதும். புதிய வேனின் சராசரியை, அதே வகை வேனை அதே போன்ற சாலைகளில் ஓட்டும் வேறு கடைக்காரரிடமோ சங்கத்திடமோ கேட்டுத் தொகுக்கலாம்.

ஆண்டுக் கூட்டத்தில் வேனைப் பற்றிய பேச்சு எழும்போது, இரண்டு தொகைகளை மட்டும் கரும்பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். ஒன்று, இவ்வேனை இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் ஆகும் செலவு. மற்றொன்று, புதிய வேனை அதற்குரிய ஆண்டு வரை வைத்திருந்தால் ஆண்டொன்றுக்கு ஆகும் சராசரி. முதலாவது சிறிதாயின் வேன் ஓடட்டும். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்போம். முதலாவது பெரிதாயின், அது நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனைக்குக் கொண்டு செல்வோம்.